பெட்டியில் ஐஸ் இல்லை: சக ஊழியரின் தவறை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து மீன் கம்பெனிகளில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஐஸ் உடைப்பது, தரம் பிரிப்பது, மீனில் தெர்மாமீட்டர் குத்திப் பார்ப்பது எல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். கைக்கு வராமல் இழுக்கிற வேலை ஒன்று உண்டு. கூட வேலை பார்ப்பவர் ஒரு தவறு செய்துவிட்டார், அது உங்கள் கண்ணில் பட்டுவிட்டது, மேனேஜரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் 'போட்டுக்கொடுத்துட்டான்' என்று பேர் வரும். சொல்லாவிட்டால் கெட்ட சரக்கு வண்டி ஏறிவிடும். கூட வேலை பார்ப்பவர் உங்கள் ஊர்க்காரராகவோ, மாமன் மச்சான் முறையாகவோ இருந்தால் இன்னும் சிக்கல்.

இதைப் பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது. அதனால் ஒரே ஒரு சூழ்நிலையை எடுத்து, காலை ஆறே காலிலிருந்து எட்டு மணி வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். சூழ்நிலையும் பெயரும் கற்பனை. ஆனால் இந்த மாதிரிக் காலைகள் இந்தக் கரையில் புதிதல்ல.

நிலைமை இது

தடைக்காலம் முடிந்த புதிது என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். திறந்த கையோடு மீன் குவியும், ஐஸுக்கு அடிபிடியாக இருக்கும். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலை கரைக்கு வரும். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை என்றால் மேனேஜர் ஏலத்தில் நிற்பார், கணக்குப்பிள்ளை போனும் கையுமாக இருப்பார், யாருக்கும் யார் பேச்சையும் கேட்க நேரம் இருக்காது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு நீங்கள் ஷிப்டுக்கு வருகிறீர்கள். இரவு ஷிப்டில் இருந்தவரைச் செல்வம் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிவாக்கில் வல்லங்களிலிருந்து வந்த சூரை மீனை 14 பெட்டிகளில் அவர் எடுத்து வைத்திருக்கிறார். ரிஜிஸ்டரில் 2.30, 4.30, 6.00 என மூன்று நேரத்துக்கும் 2.8 டிகிரி என்று எழுதியிருக்கிறது. நீங்கள் ஆறே காலுக்கு அளந்து பார்க்கிறீர்கள். மேல் வரிசையில் 3.1. கதவோரம் அடி வரிசையில் இருக்கும் நான்கு பெட்டிகளில் 8.4, 9.0 என்று காட்டுகிறது. மூடியைத் திறந்தால் ஐஸே இல்லை, தண்ணீர்தான் நிற்கிறது. எட்டு மணிக்குத் தூத்துக்குடி வண்டி.

நான்கு பெட்டியில் ஐஸை அள்ளிப்போட்டு மூடிவிட்டால் ஏழரை மணிக்கு அதுவும் நான்கு டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும், யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். சூரை விஷயத்தில் இது நடக்காது. சூரை, காணாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். மீன் சூடாகக் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். நான்கு டிகிரிக்குக் கீழே இந்த வேலை ரொம்ப மெதுவாக நடக்கும், அதற்கு மேலே போகப் போக வேகம் பிடிக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் பிறகு ஐஸ் போட்டாலும், உறைய வைத்தாலும், குழம்பில் கொதிக்க வைத்தாலும் போகாது. மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், வாடையும் இல்லாமல் இருக்கலாம். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலியும் வாந்தியும் வரும். நான்கு பெட்டியும் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கெட்டிருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நீங்களும் இல்லை, செல்வம் அண்ணனும் இல்லை. மேனேஜரிடம் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் சரக்கு, பிறகுதான் பேச்சு

யாரிடமும் வாயைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. முதலாவதாக உங்கள் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுங்கள். ஒரு டம்ளரில் பொடி ஐஸை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதில் ஊசியை விட்டு ஓரிரு நிமிடம் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்று டிகிரி என்று காட்டினால் பிரச்சினை உங்கள் கையில் இருக்கிறது, செல்வம் அண்ணனிடம் இல்லை. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் மேனேஜரிடம் ஓடி, அங்கே 'உன் மீட்டரே சரியில்லையேப்பா' என்று அவர் சொன்னால், பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பு இருக்காது.

மீட்டர் சரி என்றால் மறுபடி அளங்கள். ஊசி மீனின் தடிமனான இடத்தில், முள்ளெலும்பை ஒட்டிப் போக வேண்டும். தோலுக்கு அடியில் மட்டும் குத்தினால் பக்கத்தில் இருக்கும் தண்ணீரின் குளிரையே காட்டும். ஒரு பெட்டியில் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மீன். எண் நிலைத்து நிற்கும்வரை பொறுங்கள். பெட்டி எண், நேரம், டிகிரி மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மீனுக்குள் ஊசியும் பெட்டிச் சீட்டும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் அந்தப் போட்டோவில் ஆள் யாரும் வரக்கூடாது. தூங்கிக்கொண்டிருக்கும் செல்வம் அண்ணனைப் படம் எடுத்தால், அந்த நொடியே நீங்கள் தரம் பார்ப்பவர் என்ற நிலையிலிருந்து உளவு பார்ப்பவர் என்ற நிலைக்கு மாறிவிடுகிறீர்கள்.

எழுதிய பிறகுதான் ஐஸ். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பதற்றத்தில் முதலில் ஐஸைப் போட்டுவிட்டு அப்புறம் அளப்பவர்கள் நிறையப் பேர். அப்போது மீன் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்ற தகவலே போய்விடும். முடிவெடுக்கிறவருக்கும் பிடி கிடைக்காது, உங்களிடமும் வார்த்தையைத் தவிர ஒன்றும் இருக்காது. அளந்து, எழுதி, ஐஸ் போட்டு, நான்கு பெட்டியையும் மற்றப் பத்திலிருந்து தள்ளி வைத்து, 'நிறுத்தம், ஏற்ற வேண்டாம்' என்று சீட்டு ஒட்டுங்கள். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும்.

பார்த்தது எது, நினைத்தது எது

இப்போது உங்கள் மனதுக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்: 'இந்த ஆளு அளக்காமலே எழுதிட்டாரு.' இருக்கலாம். ஆனால் அதை நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தது இரண்டு: ரிஜிஸ்டரில் மூன்று தடவையும் 2.8, ஆறே காலுக்கு நீங்கள் அளந்தபோது நான்கு பெட்டியில் எட்டுக்கு மேல். அவர் மேல் வரிசையில் மட்டும் அளந்திருக்கலாம். மேல் வரிசை இப்போதும் 3.1தானே இருக்கிறது? கதவு சரியாக மூடாமல் அடி வரிசைக்குச் சூடு ஏறியிருக்கலாம். ஐஸ் பற்றாமல் போயிருக்கலாம்.

கோள் சொல்வது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், என் கணக்கில் இங்கேதான். பார்த்ததைச் சொல்வது தகவல். அதற்கு மேலே காரணத்தையும் குணத்தையும் ஏற்றிச் சொன்னால் அது கோள். 'மூன்று பதிவும் 2.8, நான் அளந்தது 8.4' என்று மட்டும் சொன்னால் மேனேஜருக்குப் புரியாமலா போகும்? அவர் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். கணக்கைப் போட்டு விடை வரைக்கும் நீங்கள் சொல்லத் தேவையில்லை.

அதற்காகப் பார்த்ததையும் மூடி மறைக்கக் கூடாது. ஆறே காலுக்கு நீங்கள் ரிஜிஸ்டரைத் திறந்தபோது எட்டு மணிக்கான கட்டத்திலும் 2.8 என்று எழுதியிருந்தது என்றால், அது நினைப்பு இல்லை, கண்ணால் பார்த்தது. அதையும் அப்படியே சொல்ல வேண்டும்: '8 மணிக் கட்டம் 6.15க்கே நிரம்பியிருந்தது.' அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செல்வம் அண்ணனிடம் முதலில்

மேனேஜர் காதுக்குப் போகும் முன் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சொன்னதுக்கும் முகத்துக்கு முன்னால் சொன்னதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான், பின்னாளில் உங்கள் பேர் என்னவாக இருக்கும் என்று தீர்மானிக்கும். அவர் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாலும் போனில் கூப்பிடுங்கள்.

நாலு பேர் நிற்கும் இடத்தில் வேண்டாம். பெட்டிப் பக்கம் கூட்டிப் போய், இப்படி:

"அண்ணே, அடி வரிசைல நாலு பெட்டில ஐஸ் இல்லண்ணே. எட்டு, ஒம்பது காட்டுது. மீட்டரையும் ஐஸ் தண்ணில வச்சுப் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு. வண்டி எட்டு மணிக்கு. சார்கிட்ட சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். சொல்லலாமா வேண்டாமா என்று நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. யார் சொல்வது என்று மட்டும்தான் கேட்கிறீர்கள். அதில் அவருக்கு ஒரு மரியாதை இருக்கிறது, தானே போய்ச் சொல்லித் தன் பக்கத்தையும் சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. 'ஏண்ணே, அளக்கவே இல்லையா?' என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். மீன் பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

அவர் சொல்லும் பதில் மூன்று விதமாக இருக்கலாம்.

"அய்யய்யோ, ஆமாடா தம்பி. நானே சொல்றேன்" என்றால் நல்லது. பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் "சொல்லியாச்சாண்ணே, சார் என்ன சொன்னாரு?" என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால், "அப்ப நான் ஒரு வார்த்தை சொல்லிடுறேண்ணே, வண்டி வந்துரும்" என்று அவர் முன்னாலேயே போனை எடுங்கள்.

இரண்டாவது பதில் நீங்கள் எதிர்பார்க்காத தகவலோடு வரும். "ஐஸ் வண்டி மூணு மணிக்கு வரவேண்டியது, வரவே இல்ல. இருந்ததத்தான் பரப்பிப் போட்டேன்." இது பெரிய விஷயம். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரவில் ஐஸ் வரவில்லை என்றால் தவறு ஒரு ஆளிடம் மட்டும் இல்லை, ஐஸ் ஏற்பாட்டிலும் இருக்கிறது. அப்படியானால் மேனேஜரிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஐஸ் வரவில்லை என்று அவர் ஏன் இரவே சொல்லவில்லை' என்பது மேனேஜர் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் கேட்காதீர்கள். அவரிடம் முதலில் பேசாமல் நேராக மேனேஜரிடம் போயிருந்தால் இந்தத் தகவல் உங்களிடம் இருந்திருக்காது, பாதி உண்மையைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

மூன்றாவது பதில்தான் கஷ்டம். "விடு தம்பி, ஐஸ் போட்டாச்சுல்ல, இறங்கிரும். இதப் போயி பெருசு பண்ணாத. நாம ஒரே ஊருக்காரன்." சில இடங்களில் இதில் கெஞ்சலும் இருக்கும், மிரட்டலும் இருக்கும். இங்கே வாதம் செய்யாதீர்கள். மீனைப் பற்றி மட்டும் பேசுங்கள்: "சூரைண்ணே. இறங்கினாலும் உள்ள ஆனது போகாது. அங்க டெஸ்ட்ல மாட்டுச்சுன்னா பதினாலு பெட்டியும் திரும்பி வரும், ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும். இப்பச் சொன்னா நாலோட முடியும்." இதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்காதீர்கள். "நான் சார்கிட்ட சொல்றேண்ணே. பெட்டி நிலைமையத்தான் சொல்லுவேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள்.

மேனேஜரிடம்

வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். போட்டோவும் டிகிரியும் அங்கே விழுந்தால் ஐந்து நிமிடத்தில் பாம்பன் பாலம் தாண்டிப் போய்விடும். தவறு செய்தவர் ஊர் முன்னால் நிற்பார், மேனேஜரும் தனக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்ததே என்று உங்கள்மேல்தான் கோபப்படுவார். நேரில் இருந்தால் நேரில், ஏலத்தில் இருந்தால் போனில். ஏலச் சத்தத்தில் நீண்ட கதை எடுபடாது, அதனால் எந்த வரிசையில் சொல்வது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். சரக்கு, அளவு, நேரம், நீங்கள் செய்தது, அவர் எடுக்க வேண்டிய முடிவு. இவ்வளவுதான்:

"சார், எட்டு மணி வண்டிக்குப் போற சூரைல நாலு பெட்டி சூடா இருக்கு, எட்டுலேருந்து ஒம்பது டிகிரி. 6.15க்கு அளந்தேன். மீட்டர் சரி பாத்தாச்சு. ரிஜிஸ்டர்ல ராத்திரி பூரா 2.8ன்னு இருக்கு. ராத்திரி ஐஸ் வண்டி வரலன்னு செல்வம் அண்ணன் சொன்னாரு. நாலையும் தனியா வச்சு ஐஸ் போட்டிருக்கோம். மிச்சம் பத்து பெட்டி நாலு டிகிரிக்குக் கீழ இருக்கு, அதை ஏத்தலாமா, எல்லாத்தையும் நிறுத்தவா?"

இந்தப் பேச்சில் முன்னே நிற்பது பெட்டி, செல்வம் அண்ணன் இல்லை. அவர் பெயர் வருகிற ஒரே இடத்தில் அவர் சொன்ன காரணம்தான் வருகிறது. முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு மேனேஜர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கோள் சொல்பவர் பேச்சில் இப்படிக் கேள்வி வராது, 'நீங்களே பாத்துக்கோங்க சார்' என்று முடியும். பேச்சு சரக்கைப் பற்றியா, ஆளைப் பற்றியா என்று பிரித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், சில வார்த்தைகள் வாயில் வந்தால் நீங்களே நிறுத்திக்கொள்ள வேண்டும். 'சொல்லக் கூடாதுதான் சார், இருந்தாலும்' என்று ஆரம்பித்தாலே வத்தி வைக்க வந்திருக்கிறான் என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்துவிடுவார். 'எம் பேரச் சொல்லிராதீங்க சார்' என்பது அதைவிட மோசம். அந்த ஒரு வரியால் ஒரு நேர்மையான தகவல் திருட்டுத் தகவலாகிவிடும், பெயர் எப்படியும் வெளியே வரத்தான் போகிறது. 'எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க' என்றால் யார் அந்த எல்லோரும் என்று கேட்பார்கள், பதில் இருக்காது. 'எப்பவுமே இப்படித்தான் சார் அவரு' என்பதைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மேனேஜரே உங்களை அந்தப் பக்கம் இழுக்கப் பார்ப்பதும் உண்டு. "யார் ஷிப்டு?" என்று கேட்பார். நேரடியாகச் சொல்லுங்கள்: "செல்வம் அண்ணன் ஷிப்டு சார். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுறேன்." இந்தக் கேள்விக்கு மென்று விழுங்கினால் எதையோ மறைக்கிறீர்கள் என்று ஆகிவிடும். ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. அடுத்து, "அவன் ராத்திரி தூங்குறானா? உனக்கென்ன தோணுது?" என்று கேட்கலாம். "இன்னைக்குக் காலைல பாத்ததுதான் சார் எனக்குத் தெரியும்." இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அவர் சிரித்துக்கொண்டே, நம்பிக்கையாகக் கேட்பதுபோல் கேட்டாலும் இதே பதில்தான். புதிதாக வந்த ஆளை மேனேஜர் தன் காதாக வைத்துக்கொள்ள நினைப்பது சகஜம். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பேர் மட்டும் மிஞ்சும்.

எழுத்தில்

ரிஜிஸ்டரில் செல்வம் அண்ணன் எழுதிய வரிகளைத் தொடாதீர்கள். அடிப்பதோ, மேலே எழுதுவதோ, வெள்ளை பூசுவதோ கூடாது. எட்டு மணிக் கட்டம் முன்கூட்டியே நிரம்பியிருந்தாலும் அப்படியே விடுங்கள். கீழே உங்கள் நேரத்தைப் போட்டு உங்கள் வரியை எழுதுங்கள்: '6.15. பெட்டி 11 முதல் 14: 8.4 முதல் 9.0 வரை. ஐஸ் இல்லை. தனியே நிறுத்தம். மேனேஜருக்குத் தகவல் 6.45.' கையெழுத்து. பெயர், குற்றச்சாட்டு, ஆச்சரியக்குறி எதுவும் வேண்டாம். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் இந்தப் பதிவை வெளியிலிருந்து வரும் ஆய்வாளரும் படிப்பார். ஒரு தவறு நடந்து, கண்டுபிடித்து, நிறுத்தி வைத்த பதிவைப் பார்த்தால் அவருக்கு நம்பிக்கை வரும். ராத்திரி முழுக்க ஒரே எண் எழுதியிருந்தால்தான் அவர் நெற்றியைச் சுருக்குவார்.

சொன்ன பிறகு

மேனேஜரிடம் என்ன சொன்னீர்களோ அதை அதே வார்த்தைகளில் செல்வம் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். "பெட்டி நிலைமைய சொன்னேன், ஐஸ் வண்டி வராததையும் சொன்னேன். பத்து பெட்டி ஏத்தச் சொல்லிட்டாரு, நாலு டெஸ்டுக்கு." இல்லாததைக் கற்பனை செய்துகொள்ள அவருக்கு இடம் இருக்கக் கூடாது. டீக்கடையில் யாராவது "காலைல என்னமோ சத்தமாமே?" என்று கேட்டால் "ஐஸ் பத்தல" என்று சொல்லி டீயைக் குடியுங்கள். மேனேஜரிடம் நியாயமாகச் சொன்ன ஒன்றைக் கடைத்தெருவில் இரண்டாம் தடவை சொன்னால் அதுவரை எடுத்த கவனம் அத்தனையும் வீண்.

அவர் சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதற்குப் பரிகாரம் எதுவும் செய்யத் தேவையில்லை. மன்னிப்புக் கேட்டால், செய்யக் கூடாததைச் செய்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். வழக்கம்போல "சாப்டாச்சாண்ணே" என்று கேட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

எதைச் சொல்ல வேண்டியதில்லை, எதைக் கேட்காமல் சொல்ல வேண்டும்

கண்ணில் படுவது எல்லாமே மேனேஜர் வரைக்கும் போக வேண்டியதில்லை. செல்வம் அண்ணன் ஒரு பெட்டிக்கு மூடி போட மறந்தார், நீங்கள் சொன்னதும் போட்டுவிட்டார், அளந்தால் மூன்று டிகிரி. அவ்வளவுதான், முடிந்தது. இந்தத் தவறு தெரியாமல் வேறு யாராவது தப்பான முடிவு எடுத்துவிடுவார்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எடுப்பார்கள் என்றால் சொல்ல வேண்டும். இல்லை என்றால் உங்கள் இருவரோடு இருக்கட்டும்.

கணவாய் கழுவும் கொட்டகையிலும் நண்டுச் சதை எடுக்கும் இடத்திலும் வேலை பார்க்கும் அக்காமார் விஷயத்தில் இன்னும் யோசிக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ஒரு தட்டில் ஓடு விட்டுவிட்டார் என்று நேரே மேனேஜரிடம் போனால் அவருடைய அன்றைய கூலியே வெட்டுப்படலாம். தட்டைத் திருப்பிக் கொடுத்து "அக்கா, ஓடு இருக்கு, ஒருக்கா பாத்துருங்க" என்றால் தீரும் விஷயம் அது. தட்டுக்குத் தட்டு இப்படியே வந்தால், அவர்களின் மேற்பார்வை அக்காவிடம் 'இந்த மேசைக்கு வெளிச்சம் பத்தலபோல' என்ற ரீதியில் சொல்லலாம். பல நேரம் நிஜமாகவே வெளிச்சம்தான் காரணமாக இருக்கும்.

மறுபக்கம், சம்பந்தப்பட்டவரிடம் முதலில் சொல்வது என்ற விதியைத் தூக்கிப் போட வேண்டிய இடங்களும் உண்டு. ஐஸ் பிளாண்டில் அம்மோனியா நெடி வந்தால் யார் வால்வை விட்டார் என்று தேடாதீர்கள், எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கத்துங்கள். சரக்குத் திருட்டு, எடையில் வேண்டுமென்றே மோசடி, பெண்களிடம் தவறாக நடப்பது, இதெல்லாம் தவறு என்ற கணக்கில் வராது. அவரிடம் முதலில் சொன்னால் அழிக்க வேண்டியதை அழித்துவிடுவார், அல்லது புகார் சொன்னவரைப் போய்ப் பிடிப்பார். அங்கே நேராக மேலே போங்கள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ரிஜிஸ்டரில் அதே 2.8 வரிசையாக நின்றால், அதுவும் மறதி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது தேதிகளை மட்டும் குறித்துக்கொண்டு மேனேஜரிடம் தனியாக உட்கார்ந்து பேசுவது சரி.

கடைசியாக ஒரு சங்கடம். நீங்கள் இவ்வளவையும் முறையாகச் சொன்ன பிறகு மேனேஜர், "ஐஸ் போட்டாச்சுல்ல, பதினாலையும் ஏத்திவிடு" என்று சொல்லலாம். விலை, வண்டி, வாங்குபவர் என்று அவருக்கும் நெருக்கடி இருக்கும். எதிர்த்துப் பேசாமல் ஒன்றைக் கேளுங்கள்: "சரி சார். 6.15க்கு அளந்தத வண்டிச் சீட்டுலயும் எழுதி அனுப்பிடுறேன், அங்க குவாலிட்டில டெஸ்ட் பண்ணிக்கிடுவாங்க. சரியா சார்?" பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு அப்புறம் எதிர்முனையில் கொஞ்ச நேரம் ஏலச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு நாலு பெட்டி நிற்கும். நிற்காமல் போனாலும், மீன் எந்தச் சூட்டில் கிடந்தது என்ற தகவல் மீனோடு சேர்ந்தே சாயல்குடி தாண்டிப் போகும், தூத்துக்குடியில் இறக்குபவர் அதைப் பார்த்துத்தான் எடுப்பார். எழுதவும் வேண்டாம் என்று அவர் சொன்னால், நிலைமை வேறு. அப்போது பேச வேண்டியது செல்வம் அண்ணனைப் பற்றி இல்லை. மேனேஜருக்கு மேலே இருக்கும் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரின் எண் உங்கள் போனில் இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.